முந்திச் சென்றவருக்கு மறைந்தவரின் எண்: ஒரு டிராக் குழப்பத்தின் ஆய்வு

ஒரு நடைபாதையைப் பக்கவாட்டில் பார்த்தபடி ஒரு கேமரா அசையாமல் நிற்கிறது. நொடிக்கு 25 ஃப்ரேம். இருவர் இடமிருந்து வலமாக நடக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சுவரோரமாக, ஃப்ரேமுக்கு 4 பிக்சல் வேகத்தில் போகிறார். சிவப்புச் சட்டைக்காரர் கேமராவுக்கு அருகில், ஃப்ரேமுக்கு 6 பிக்சல் வேகத்தில் வருகிறார். வீடியோவில் ஆட்களைப் பின்தொடரும் நிரல் ஒவ்வொருவரின் தடத்துக்கும் ஓர் எண் தருகிறது: வெள்ளைக்கு டிராக் எண் 4, சிவப்புக்கு 7. சிவப்பு வெள்ளையை முந்துகிறார். முந்தும்போது வெள்ளை சிறிது நேரம் அவருக்குப் பின்னால் மறைகிறார். மீண்டும் இருவரும் தனித்தனியாகத் தெரியும்போது திரையில் சிவப்பின் தலைக்கு மேல் 4 என்று இருக்கிறது. வெள்ளைக்கு 11 என்று புது எண். 7 ஆளில்லாமல் சிறிது தூரம் மிதந்துவிட்டு அழிகிறது. இரண்டு பேர் நடந்த இடத்தில் எண்ணிக்கை மூன்று ஆகிவிட்டது.

இதைப் பார்த்ததும் எல்லோரும் முதலில், ஃப்ரேமில் ஆட்களைக் கண்டுபிடித்துப் பெட்டி போடும் டிடெக்டரைத்தான் குறை சொல்வார்கள். அடுத்த பழி, பெட்டிகளை டிராக்குகளோடு இணைக்கும் ஹங்கேரியன் முறை மீது விழும். இந்தக் காட்சியில் இரண்டின் மீதும் தப்பில்லை. பெட்டிக்கும் டிராக்குக்கும் இடையிலான தூரத்தை எந்த அளவுகோலால் அளந்தோம் என்பதில்தான் கோளாறு. கையாலேயே கணக்குப் போட்டு அதைக் காட்டிவிடலாம். அதற்காக எண்களைக் கொஞ்சம் எளிமையாக வைத்துக்கொள்வோம்.

ஃபில்டர் எதை நினைவில் வைத்திருக்கிறது

ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு கால்மன் ஃபில்டர். அதன் நிலையில் நான்கு எண்கள்: பெட்டியின் நடுப்புள்ளி x, y, அவற்றின் வேகங்கள் இரண்டு. ஆள் சீரான வேகத்தில் போவார், அவ்வப்போது சிறிது முடுக்கமோ தளர்வோ இருக்கும் என்பதே மாதிரி. ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் கணிப்பு நடக்கும்: பழைய இடத்தோடு வேகத்தைக் கூட்டி, ‘இப்போது இங்கே இருக்க வேண்டும்’ என்று ஃபில்டர் சொல்லும். டிடெக்டரிடமிருந்து பெட்டி கிடைத்தால், கணிப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓரிடத்தில் போய் நிற்கும். எவ்வளவு தூரம் நகர்வது என்பதைத் தன் கணிப்பின் மீதும் அளவீட்டின் மீதும் உள்ள நம்பிக்கையை ஒப்பிட்டு முடிவு செய்யும்.

நாம் தர வேண்டியவை இரண்டு எண்கள்தான். பெட்டியின் நடுப்புள்ளி எவ்வளவு ஆடும் என்பது ஒன்று. இங்கே திட்டவிலக்கம் 4 பிக்சல், ஆகவே அதன் வர்க்கமான R = 16. நடப்பவரின் வேகம் எவ்வளவு மாறும் என்பது மற்றொன்று. முடுக்கத்தின் திட்டவிலக்கம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் 0.3 பிக்சல் என்று வைத்தால், ஒவ்வொரு கணிப்பிலும் கூடும் நிச்சயமின்மையான Q அதிலிருந்து வந்துவிடும். இந்த இரண்டு எண்களோடு சில பத்து ஃப்ரேம்கள் தடையின்றிப் பெட்டி கிடைத்துக்கொண்டிருந்தால் ஃபில்டர் ஒரு சமநிலைக்கு வரும். அப்போது விலகலில் 32 சதவீதத்தை இடத்தில் சேர்க்கும், 6 சதவீதத்தை வேகத்தில் சேர்க்கும். கணிப்புக்கும் பெட்டிக்கும் இடையே எதிர்பார்க்கும் விலகலின் விலக்க வர்க்கம் S சுமார் 23.6, அதாவது திட்டவிலக்கம் 4.9 பிக்சல். இந்த S என்பதுதான் இந்த ஆய்வின் நாயகன், வில்லனும் அதுவே.

பெட்டி கிடைக்காத ஃப்ரேமில் ஃபில்டர் கணிப்போடு நின்றுவிடும். ஆள் கணித்த இடத்தில் இருக்கிறாரா என்று சரிபார்க்க வழியில்லாததால் நிச்சயமின்மை ஏறிக்கொண்டே போகும். அது ஒரே சீராக ஏறாது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஏறும், ஏனென்றால் வேகத்தில் உள்ள சிறு பிழை ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. நம் எண்களில், கடைசிப் பெட்டிக்குப் பிறகு 6-ஆவது ஃப்ரேமில் S = 54.6, 10-ஆவதில் 113, 21-ஆவதில் 526.

எந்தப் பெட்டியை ஒரு டிராக்கின் வேட்பாளராக ஏற்கலாம் என்பதற்கு ஒரு கேட் வேண்டும். இரண்டு திசைகளிலும் விலகலின் வர்க்கத்தை S-ஆல் வகுத்துக் கூட்டினால் வரும் எண் 9.21-க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மாதிரி சரியாக இருந்தால் உண்மையான பெட்டிகளில் 99 சதவீதம் இதற்குள் வந்துவிடும். பிக்சலில் சொன்னால், சமநிலையில் இருக்கும் டிராக்கின் கேட் 15 பிக்சல் ஆரம். 21 ஃப்ரேம் குருட்டோட்டத்துக்குப் பிறகு அதுவே 70 பிக்சல்.

306-ஆவது ஃப்ரேம்

ஃப்ரேம் 300-இல் சிவப்பு x = 400, வெள்ளை x = 421. வெள்ளைக்குத் தனிப் பெட்டி கிடைத்த கடைசி ஃப்ரேம் அது. இருவரின் பெட்டியும் ஏறக்குறைய 44 பிக்சல் அகலம். ஒருவர் பாதிக்கு மேல் மறைந்ததும் டிடெக்டர் ஒரே பெட்டிதான் தருகிறது. அது முன்னால் இருப்பவருடையது. அப்படித்தான் நடக்க வேண்டும், ஆகவே டிடெக்டரை விட்டுவிடலாம். இடைவெளி ஃப்ரேமுக்கு 2 பிக்சல் குறைகிறது. ஆகவே வெள்ளை மறுபக்கம் வெளிப்பட 21 ஃப்ரேம் ஆகும், கிட்டத்தட்ட ஒரு நொடி.

301 முதல் 305 வரை ஒரே பெட்டி வருகிறது. அது சிவப்பின் கணிப்புக்கு மிக அருகில் விழுவதால் டிராக் 7-க்கே போகிறது. டிராக் 4 கணிப்பில் மட்டும் ஓடுகிறது. ஃப்ரேம் 306-க்கு வருவோம். டிராக் 7-இன் கணிப்பு 436. டிராக் 4-இன் கணிப்பு 445. வந்திருக்கும் ஒரே பெட்டி 440-இல் இருக்கிறது. சிவப்பு உண்மையில் 436-இல்தான் இருக்கிறார், பெட்டி 4 பிக்சல் வலப்பக்கம் ஆடிவிட்டது. ஒரு திட்டவிலக்கம் அளவுக்கான ஆட்டம் அது. இயல்பானதுதான். y திசையில் இருவருக்கும் விலகல் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வெறும் பிக்சலில் பார்த்தால் பெட்டி டிராக் 7-க்கு 4 பிக்சல், டிராக் 4-க்கு 5 பிக்சல் தூரத்தில் இருக்கிறது. சிவப்புக்கே போக வேண்டும். ஆனால் இந்த நிரல் அளப்பது மகாலனோபிஸ் தூரத்தை. 1936-இல் கல்கத்தாவில் பி. சி. மகாலனோபிஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த அளவுகோல் இது: விலகலின் வர்க்கத்தை எதிர்பார்க்கும் விலக்க வர்க்கத்தால் வகுப்பது. டிராக் 7-க்கு 16 / 23.6 = 0.68. டிராக் 4-க்கு 25 / 54.6 = 0.46. சிறிய எண்ணே வெல்லும். பெட்டி டிராக் 4-க்குப் போய்விட்டது.

தூரத்தில் இருப்பவர் வென்றதற்குக் காரணம், அவருக்குத் தன் இடம் சரியாகத் தெரியாது என்பதுதான். ‘நான் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்று சொல்பவருக்கு எந்தப் பெட்டியும் பக்கத்தில் இருப்பதுபோலவே படும். மறைந்திருக்கும் நேரம் கூடக்கூட இந்த அநியாயம் பெருகும். ஒரு பெட்டி இந்த டிராக்கினுடையதாக இருக்க முடியுமா என்று கேட்க மகாலனோபிஸ் தூரம் சரியான கருவி. இரண்டு டிராக்குகளில் இது யாருடையது என்று கேட்டால் அது பொய் சொல்லும். கேட்டுக்கு ஒரு அளவுகோலையும் போட்டிக்கு இன்னொன்றையும் வைக்காமல் இரண்டுக்கும் ஒன்றையே போட்டதுதான் இந்த நிரலின் பிழை.

ஒரு ஃப்ரேம்தானே, அடுத்ததில் சரியாகிவிடாதா? ஆகாது. டிராக் 4-க்கு நிச்சயமின்மை அதிகம் என்பதால் அது கிடைத்த பெட்டியை ஆவலோடு விழுங்கும். விலகலில் 71 சதவீதம் நகர்ந்து 441.5-க்கு வந்துவிடுகிறது, வேகம் 4-இலிருந்து 3.5 ஆகிறது. அடுத்த ஃப்ரேமில் அதன் கணிப்பு 445, டிராக் 7-இன் கணிப்பு 442. 9 பிக்சலாக இருந்த இடைவெளி 3 ஆகச் சுருங்கிவிட்டது. டிராக் 7 ஒரு பெட்டியைத் தவறவிட்டதால் அதன் S 27 ஆகியிருக்கிறது, டிராக் 4-இன் S 31-க்கு இறங்கியிருக்கிறது. பெட்டியோ 4 பிக்சல் ஆடும். ஆகவே அடுத்த பெட்டியையும் டிராக் 4 பறிக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. பறிக்கும் ஒவ்வொரு முறையும் அது சிவப்பின் இடத்தையும், பிறகு சிவப்பின் வேகத்தையும் கற்றுக்கொள்கிறது. சில ஃப்ரேம்களில் இரண்டு டிராக்குகளும் ஒரே ஆளின் மேல் உட்கார்ந்துவிடும். 321-இல் வெள்ளை 505-இல் தலைகாட்டும்போது இரண்டு கணிப்புகளும் சிவப்பின் பக்கத்தில், 526-ஐச் சுற்றி இருக்கும். டிராக் 4 இப்போது பெட்டி தின்று கேட்டைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. 21 பிக்சல் பின்னால் இருக்கும் வெள்ளை அதற்குள் வரமாட்டார். ஆகவே புது எண், 11.

இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒவ்வொரு டிராக்கும் கடைசியாகப் பெட்டி பெற்று எத்தனை ஃப்ரேம் ஆயிற்று என்பதைப் பதிவுசெய்து பாருங்கள். எண் மாறிய இடத்துக்குப் பத்துப் பதினைந்து ஃப்ரேம் முன்பே, இரண்டு டிராக்குகளின் அந்த எண்ணிக்கை 0, 1, 0, 1 என்று மாறி மாறித் துடிப்பது தெரியும். ஒரே பெட்டிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வதன் தடம் அது.

சரிசெய்தல்

பெட்டி இந்த டிராக்கினுடையது என்றால், அது இவ்விடத்தில் விழ எவ்வளவு நிகழ்தகவு என்று முழுமையாகக் கேட்டால் அநியாயம் நீங்கும். பரவலான மணிவளைவு தாழ்வாகவும் இருக்கும். ‘எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்பவர் எந்த ஓர் இடத்தையும் உறுதியாகச் சொல்வதில்லை அல்லவா? அந்தத் தாழ்வுக்கான தண்டம்தான் S-இன் டிட்டர்மினன்ட்டின் மடக்கை. தூரத்தோடு அதைக் கூட்ட வேண்டும். இரண்டு திசைகளுக்கும் சேர்த்து டிராக் 7-க்கு 0.68 + 6.32 = 7.00. டிராக் 4-க்கு 0.46 + 8.00 = 8.46. பெட்டி உரியவருக்கே போகிறது, தெளிவான வித்தியாசத்தோடு.

```python
BIG = 1e6
C = np.full((len(tracks), len(dets)), BIG)
for i, t in enumerate(tracks):
    S = H @ t.P @ H.T + R
    Si = np.linalg.inv(S)
    ld = np.log(np.linalg.det(S))
    for j, z in enumerate(dets):
        v = z - H @ t.x
        d2 = v @ Si @ v
        if d2 < 9.21:
            C[i, j] = d2 + ld
r, c = linear_sum_assignment(C)
pairs = [(i, j) for i, j in zip(r, c) if C[i, j] < BIG]
```

கேட்டுக்கு `d2` மட்டும், போட்டிக்கு `d2 + ld`. இரண்டையும் கலக்கக் கூடாது: 9.21 என்ற எல்லையை மடக்கை சேர்த்த எண்ணோடு ஒப்பிட்டால், டிராக் மறைந்த சில ஃப்ரேம்களிலேயே கேட் தன்னால் மூடிக்கொள்ளும். கேட்டுக்கு வெளியே உள்ள இணைகளுக்கு முடிவிலி போடாமல் `1e6` போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு டிராக்குக்கு எல்லாப் பெட்டிகளும் முடிவிலி ஆகிவிட்டால், சைபையின் `linear_sum_assignment` தீர்வே இல்லை என்று பிழை எறியக்கூடும். பெரிய எண்ணைப் போட்டால் அது எப்படியாவது ஓர் இணையைத் தந்துவிடும். அதனால்தான் கடைசி வரியில் அவற்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது. அந்த வரியை மறந்தால் திரையின் ஒரு மூலையில் இருக்கும் டிராக் மறுமூலைக்குத் தாவும். அப்படிப் பாய்ச்சல் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மடக்கைத் தண்டம் எப்போது வேலை செய்கிறது என்பதையும் கவனிக்கலாம். அது டிராக்கைப் பொறுத்தது, பெட்டியைப் பொறுத்தது அல்ல. எல்லா டிராக்குகளுக்கும் பெட்டி கிடைக்கும் ஃப்ரேமில் எந்த இணைப்பை எடுத்தாலும் தண்டங்களின் கூட்டுத்தொகை ஒன்றே, ஆகவே முடிவு மாறாது. டிராக்குகளைவிடப் பெட்டிகள் குறைவாக வரும்போது மட்டும் அது பேசும். மறைவு நேரத்தில் நிகழ்வது அதுதான்.

இதே நோய்க்கு 2017-இல் வந்த டீப்சார்ட் என்ற பின்தொடரும் முறை வேறு மருந்து தந்தது: சமீபத்தில் பெட்டி பெற்ற டிராக்குகளுக்கு முதலில் பந்தி, மீந்த பெட்டிகளை அதைவிடப் பழையவற்றுக்கு, பிறகு அதைவிடப் பழையவற்றுக்கு. நம் காட்சியில் 7 முதல் பந்தியில் சாப்பிட்டுவிடும், 4-க்கு ஒன்றும் மிஞ்சாது. எழுதுவது எளிது. ஆனால் ஒரு ஃப்ரேம் தவறவிட்ட நல்ல டிராக்கும் எப்போதும் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது. பெட்டி அடிக்கடி விட்டு விட்டு வரும் டிடெக்டரோடு அது உறுத்தும். மடக்கை ஒரு வரிதான், அது வரிசையைக் கட்டாயமாக்குவதும் இல்லை. ஆகவே அதையே முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஹங்கேரியன் முறையின் பங்கு

1955-இல் ஹரோல்ட் குன் வெளியிட்டு, தனக்கு முன்னோடிகளான இரண்டு ஹங்கேரியக் கணிதர்களை நினைத்துப் பெயரிட்ட இந்த முறை, மொத்தச் செலவு குறைவாக வரும்படி டிராக்குகளையும் பெட்டிகளையும் இணைக்கிறது. ‘ஒவ்வொன்றாக மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டே போனால் போதாதா?’ என்று பலரும் அதைத் தவிர்க்கிறார்கள். 306-இல் இரண்டு வழிகளும் ஒரே பதிலைத்தான் தரும், பெட்டியே ஒன்றுதானே. வித்தியாசம் 321-இல் தெரியும்.

தண்டத்தைச் சேர்த்தாயிற்று, டிராக் 4 பறிக்காமல் 21 ஃப்ரேம் கணிப்பில் ஓடிவந்தது என்று வைப்போம். மறையும் தருணத்தில் அதன் வேக மதிப்பீட்டில் இருந்த நிச்சயமின்மை 0.65 பிக்சல். அந்த அளவுக்கு அது அதிகமாக மதிப்பிட்டிருந்தால், 505-க்குப் பதில் 518.7 என்று கணிக்கும். பெட்டிகள் இரண்டு: வெள்ளைக்கு 505, சிவப்புக்கு 4 பிக்சல் ஆடிய 530. டிராக் 4-இலிருந்து 530-க்கு மகாலனோபிஸ் தூரம் 0.24, 505-க்கு 0.36. டிராக் 7-இலிருந்து 530-க்கு 0.68, 505-க்கு 18.7, கேட்டுக்கு வெளியே. இந்த எண்களில் மிகச் சிறியது 0.24. அதை முதலில் எடுத்தால் டிராக் 4 சிவப்பின் பெட்டியைக் கொண்டுபோய்விடும், டிராக் 7 வெறுங்கையோடு நிற்கும், வெள்ளை புது எண் பெறுவார். மொத்தத்தைப் பார்த்தால் 0.68 + 0.36 மலிவு, ஏனென்றால் மற்ற வழியில் `1e6` வருகிறது. எண்கள் மாறாமல் நிற்கும். தண்டத்தைச் சேர்த்தபின், மிகச் சிறியதை முதலில் எடுக்கும் பேராசை முறைக்கும் இங்கே சரியான விடை வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே அளவு நேரம் மறைந்த இரண்டு டிராக்குகளுக்கு இடையே தண்டம் உதவாது. அங்கே மொத்தக் கணக்கு மட்டுமே துணை.

எத்தனை ஃப்ரேம் காத்திருப்பது

மேலே சொன்ன எல்லாமே டிராக் 4 அழியாமல் 21 ஃப்ரேம் உயிரோடு இருந்தால்தான். 2016-இல் வந்த சார்ட் முறையின் நிரலில் `max_age` இயல்பாகவே 1. அதாவது இரண்டு ஃப்ரேம் பெட்டி வராவிட்டால் கதை முடிந்தது. அதை அப்படியே எடுத்து ஓடவிட்டால் நம் வெள்ளைச் சட்டைக்காரர் எந்தக் கணக்கும் தேவைப்படாமலே புது எண் பெறுவார். இங்கே 30 வைத்தால் ஒரு நொடி மறைவைத் தாங்கும்.

இதற்கும் விலை உண்டு. 30-ஆவது ஃப்ரேமில் கேட் 108 பிக்சல் ஆரத்துக்கு விரிகிறது, இரண்டு பெட்டிகளின் அகலத்தைவிட அதிகம். ஆள் வாசல் வழியே போய்விட்டிருந்தாலும் அவருடைய ஆவி டிராக் அங்கே வலை விரித்து நிற்கும், புதிதாக வரும் யாரையாவது பிடித்துப் பழைய எண்ணைக் கொடுத்துவிடும். கேட்டின் ஆரத்துக்கு 60 பிக்சல் என்று தனியாக ஓர் உச்சவரம்பு வைப்பது கணிதத்தில் அழகில்லை, நடைமுறையில் உதவுகிறது. திரையின் விளிம்பைத் தாண்டிக் கணிப்பு போன டிராக்கை உடனே அழிப்பதும் அப்படித்தான்.

R, Q எண்கள் சரியா என்று பார்க்க, யாரோடும் உரசாமல் தனியே நடக்கும் ஆட்களின் டிராக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் `d2` மதிப்பைச் சேகரித்துச் சராசரி போடுங்கள். இரண்டு அளவீடுகள் என்பதால் அது 2-ஐ ஒட்டி வர வேண்டும். 5, 6 என்று வந்தால் ஃபில்டருக்குத் தலைக்கனம்: R அல்லது Q மிகச் சிறியது, நல்ல பெட்டிகள் கேட்டில் மாட்டி விழுகின்றன. 0.5 என்று வந்தால் கேட் தேவைக்கு மேல் அகலம், பறிப்புக்கு அதுவே வழி திறந்துவிடும்.

இன்னொரு கோளாறு இதைப்போலவே தோன்றும், ஆனால் வேறு. நெட்வொர்க் கேமராவிலிருந்து வரும் வீடியோவில் மூன்று ஃப்ரேம் தொலைந்தால் சிவப்பு 18 பிக்சல் முன்னால் போயிருப்பார், ஃபில்டருக்கு அது தெரியாது, கேட்டோ 15 பிக்சல். அப்போது ஒருவரின் எண் மட்டும் மாறாது. வேகமாக நடக்கும் எல்லோருடைய எண்ணும் ஒரே ஃப்ரேமில் மாறும். அப்படிக் கண்டால் இணைப்பு நிரலைத் தொட வேண்டாம். கணிப்பில் கால இடைவெளியை 1 என்று நிலையாக வைக்காமல் ஃப்ரேமின் நேரமுத்திரையிலிருந்து எடுத்தால் போதும்.

இந்த முறை தோற்கும் இடம்

வெள்ளை, சிவப்புக்குப் பின்னால் மறைந்த கணமே நின்றுவிட்டார் என்று வைப்போம். செல்பேசியைப் பார்க்க நிற்கிறார், அவ்வளவுதான். சிவப்பு கடந்துபோக 7 ஃப்ரேம் போதும். 307-இல் வெள்ளை 421-இலேயே தெரிகிறார். டிராக் 4-இன் கணிப்பு 449. விலகல் 28 பிக்சல். ஏழு ஃப்ரேம் குருட்டோட்டத்துக்குப் பிறகு கேட்டின் ஆரம் 24.6. மயிரிழையில் வெளியே போய்விட்டார், புது எண்.

முடுக்கத்தின் திட்டவிலக்கத்தை 0.3-இலிருந்து 0.5-க்கு ஏற்றினால் கேட் 32.7 பிக்சல் ஆகும், வெள்ளை உள்ளே வந்துவிடுவார். ஆனால் அதே மாற்றம் 21 ஃப்ரேம் மறைவின் கேட்டை 70-இலிருந்து 107-க்குத் தள்ளிவிடும். நின்றுபோகிறவர்களைக் காப்பாற்றினால் நீண்ட நேரம் மறைபவர்களை இழக்கிறோம். எது அடிக்கடி நடக்கிறதோ அதற்கேற்ப எண்ணை வைக்கலாம்: பேருந்து நிறுத்தத்துக்கு 0.5, மேம்பால நடைபாதைக்கு 0.3. இரண்டும் ஒரே இடத்தில் நடந்தால் இடமும் வேகமும் மட்டும் தெரிந்த ஃபில்டரிடம் பதில் இல்லை. ஒருவர் சட்டை வெள்ளை, மற்றவர் சட்டை சிவப்பு என்பது அதற்குத் தெரியாது. அந்த நிறத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்தால்தான் 421-இல் நிற்பவர் மீண்டும் 4 ஆவார்.